"VLC இல வடிவா ஓடுது" எண்டு சொன்னால் போதுமா?

ஒன்லைன் திரையிடல் ஒன்று. இலவசம். மூன்று நாள் மட்டும் பார்க்கலாம். நாங்கள் ஐந்து பேர் ஆளுக்கொரு இடத்தில இருந்து ஒரே ஆவணப்படத்தைத் திறந்தோம். இருபது நிமிசப் படம், மீன்பிடிக் குடும்பங்கள் பற்றியது, எடுத்தது தமிழில். சிங்களத்தில் டப் செய்த ஓடியோவும் தமிழ், சிங்கள, ஆங்கில சப்டைட்டில்களும் உண்டு எண்டு அறிவிப்பில போட்டிருந்தது. ஐந்து பேருக்கும் சிங்களக் குரல்தான் கேட்டது. சப்டைட்டில் ஒரு வரிகூட வரேல்ல. முழுத்திரைப் பொத்தானை அமத்தினால் ஒன்றுமே நடக்கேல்ல.

ஏற்பாட்டாளர்களுக்கு எழுதினோம். "எங்கட பக்கம் VLC இல வடிவா ஓடுது, உங்கட நெட்டைப் பாருங்கோ" எண்டு பதில் வந்தது. இந்தப் பதிலோடதான் எங்களுக்குச் சண்டை. நெட் மெதுவாக இருந்தால் படம் நிண்டு நிண்டு ஓடும். ஆனால் தமிழில் பேசின ஒரு அம்மாவின் வாயில சிங்களம் வராது.

VLC எதையும் மன்னிக்கிற பிளேயர். படத்துக்குப் பக்கத்தில அதே பெயரில ஒரு `.srt` கோப்புக் கிடந்தால் தானாகவே எடுத்துக் காட்டும். கோப்புக்குள்ள இரண்டு ஓடியோ இருந்தால் மெனுவில இரண்டையும் போடும். ப்ரவுசர் அப்படியில்லை. அதன் வீடியோ பிளேயருக்கு சப்டைட்டில் எண்டால் WebVTT வடிவம் மட்டும்தான். `.srt` கோப்பை அப்படியே இணைத்தால் பிழைச்செய்தி ஒன்றும் திரையில வராது. சப்டைட்டில் வராமல் விடும், அவ்வளவுதான்.

நாங்கள் அந்தப் பக்கத்தைக் கணினியில் திறந்து, F12 அமத்தி, Network பகுதியைப் பார்த்தோம். சிங்களக் கோப்பு 404, அதாவது அந்த இடத்தில கோப்பே இல்லை. பக்கத்தில `film_si.vtt` எண்டு எழுதியிருக்க, மற்ற இரண்டு கோப்பின்ர பெயரும் பெரிய எழுத்தில முடிஞ்சுது. சேர்வரில கிடந்தது `film_SI.vtt` ஆக இருக்க வேணும். விண்டோஸ் கணினிக்கு இரண்டும் ஒன்றுதான், அநேகமான சேர்வர்களுக்கு வேறு வேறு. தமிழ்க் கோப்பு ஒழுங்காக இறங்கியிருந்தது. CC மெனுவிலயும் "தமிழ்" எண்டு இருந்தது. தெரிவு செய்தால் வெறுமை. கோப்பைத் திறந்து பார்க்கத்தான் விளங்கினது:

```
WEBVTT

1
00:01:12,400 --> 00:01:15,000
அப்பா கடலுக்குப் போட்டார்.
```

யாரோ `.srt` இன் பெயரை `.vtt` எண்டு மாத்தி, மேல WEBVTT எண்டும் போட்டிருக்கினம். பாதி வேலை. நொடிக்கும் மில்லிநொடிக்கும் இடையில கமா இருக்கு. WebVTT இல அது புள்ளியாக இருக்க வேணும்: `00:01:12.400`. கமா இருந்தால் ப்ரவுசர் அந்த வரியைச் சத்தமில்லாமல் தள்ளிவிடும். எல்லா வரியிலும் கமா எண்டால் எல்லா வரியும் போச்சு. நேர வரிகளில இருக்கிற கமாவை மட்டும் மாத்தினால் போதும், வசனத்துக்குள்ள இருக்கிற கமாவைத் தொடத் தேவையில்லை. பத்து நிமிச வேலை.

இன்னொரு கூத்து எங்கட நாட்டுக்கே உரியது. மொழிபெயர்ப்பை பாமினியில அடிச்சு அனுப்புற ஆக்கள் இன்னும் இருக்கினம். பாமினியில "தமிழ்" எண்டு தெரிவது உண்மையில `jkpo;` எண்ட ஆங்கில எழுத்துகள்தான். எழுத்துரு இருக்கிற கணினியில மட்டும் தமிழாகத் தெரியும். WebVTT கோப்பு UTF-8 இல, யுனிகோட் தமிழில் இருந்தாக வேணும். திரையில `jkpo;` மாதிரி ஏதும் ஓடினால் உங்கட போன் பழுதில்லை, கோப்பை மாத்தாமல் ஏத்தியிருக்கினம்.

குரல் விசயம் இதைவிடப் பெரிசு. படத்தில ஒரு MP4 கோப்புக்குள்ள இரண்டு ஓடியோவையும் வைச்சிருந்தவை. குரோமிலயும் பயர்பொக்சிலயும் சாதாரணமாக அதில ஒன்றுதான் ஓடும். மற்றதுக்கு மாறுறதுக்குப் பார்ப்பவருக்கு வழியே இல்லை. எது ஓடும் எண்டது கோப்பில எது முதலாவதாகவோ default ஆகவோ வைக்கப்பட்டிருக்கு எண்டதில தங்கியிருக்கு. `ffmpeg -i film.mp4` எண்டு அடிச்சால் `Stream #0:1(sin): Audio`, `Stream #0:2(tam): Audio` எண்டு வரிசையாகக் காட்டும். இங்க சிங்களம் முன்னுக்கு நிற்குது. தமிழ் ஓடியோவை மட்டும் எடுத்துத் தனிக் கோப்பாக்க இவ்வளவும்தான்:

```
ffmpeg -i film.mp4 -map 0:v:0 -map 0:a:1 -c copy film_tamil.mp4
```

எண்ணுறது பூச்சியத்தில இருந்து, அதனால `a:1` எண்டால் இரண்டாவது ஓடியோ. `-c copy` போட்டதால மறுபடி சுருக்கிறது இல்லை, தரமும் குறையாது. பக்கத்தில "தமிழ் மூலம்", "சிங்கள டப்" எண்டு இரண்டு பொத்தான் வைச்சால் விசயம் முடிஞ்சுது. ஒரே பிளேயருக்குள்ள மொழி மாத்திற வசதி வேணுமெண்டால் HLS போன்ற முறைக்குப் போக வேணும். அது நல்லதுதான், ஆனால் மூன்று நாள் திரையிடலுக்கு இரண்டு கோப்பே காணும்.

இதைச் சின்ன விசயம் எண்டு சொல்லுவினம். அந்தப் படத்தில மூச்சை இழுத்து இழுத்துப் பேசுற ஒரு முதிய பெண்ணின்ர குரல்தான் படமே. ட்ரெய்லரில கேட்டனாங்கள். அதை இன்னொருவரின் ஸ்டூடியோக் குரலால மூடிப்போட்டு, தமிழ்ப் படம் காட்டினோம் எண்டு அறிக்கை எழுதுறதை நாங்கள் ஏற்க முடியாது. சிங்கள டப் வேண்டாம் எண்டு சொல்லேல்ல. அது இருக்க வேணும், தெரிவாக இருக்க வேணும்.

முழுத்திரைக்குக் காரணம் இன்னும் எளிது. பிளேயர் வேறொரு தளத்தில இருந்து iframe ஆக ஒட்டப்பட்டிருந்தது. அந்த iframe இல `allowfullscreen` எண்ட ஒரு சொல் இல்லாட்டில் முழுத்திரைக்கு ப்ரவுசர் அனுமதி குடுக்காது. iframe க்குள்ள iframe எண்டால் இரண்டிலயும் வேணும். பிறகும் ஒரு பொறி இருக்கு. சில பிளேயர்கள் சப்டைட்டிலை வீடியோவுக்கு மேல தனிப் படலமாக வரையும். பல ஐபோன்களில முழுத்திரைக்குப் போனால் போனின்ர சொந்தப் பிளேயர்தான் திறக்கும், அந்தப் படலம் பின்னால நிண்டுவிடும். சின்னத் திரையில சப்டைட்டில் இருந்து, பெரிசாக்கினதும் மறைஞ்சால் இதுதான் சங்கதி. சப்டைட்டிலை வீடியோவின்ர `<track>` ஆகவே குடுத்தால் இந்தப் பிரச்சினை வராது.

"அப்ப சப்டைட்டிலைப் படத்திலயே எரிச்சு விடுங்கோவன்" எண்டு எங்களுக்குள்ளயே ஒருத்தி கேட்டாள். பிழைக்காது எண்டது உண்மை. ஆனால் மூன்று மொழி வேண்டிய நாட்டில எந்த மொழியை எரிக்கிறது? ஆங்கிலத்தை எரிச்சால் சிங்களம் மட்டும் தெரிஞ்ச ஆளுக்கும், காது கேளாத தமிழ்ப் பார்வையாளருக்கும் படம் கிடையாது. எழுத்தைப் பெரிசாக்கவும் ஏலாது, பிறகு ஒரு சொல்லைத் திருத்தவும் ஏலாது. மண்டபத் திரையிடலுக்குச் சரி. இணையத்துக்கு நாங்கள் உடன்படேல்ல.

இதையெல்லாம் எழுதி, திருத்தின தமிழ்க் கோப்பையும் சேர்த்து இரண்டாம் நாள் அனுப்பினோம். மூன்றாம் நாள் பின்னேரம் தமிழ் சப்டைட்டில் வந்தது. முழுத்திரையும் வேலை செய்தது. குரல் கடைசி வரைக்கும் மாறேல்ல.