‘பாதி கட்டினால் போதும்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு கணக்கு டீச்சரின் பதில்



போன வாரம் நம் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி வந்தது. “கிரெடிட் கார்டு பாக்கியா? கவலை வேண்டாம். செட்டில்மென்ட் கேளுங்கள். பாதி கட்டினால் போதும், மீதி தள்ளுபடி.” அதற்குக் கீழே பதினேழு பேர் கைதட்டல் படம் போட்டிருந்தீர்கள். அதில் நான்கு பேர் என்னிடம் ஐந்தாம் வகுப்பில் கழித்தல் படித்தவர்கள். அதனால்தான் இந்த நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

அந்தச் செய்தி பொய் என்று நான் சொல்லவில்லை. பாதிக் கணக்கு என்று சொல்கிறேன். மீதிப் பாதியை நம் வீட்டிலேயே பார்த்துவிட்டேன்.

கம்பத்தில் இருக்கும் என் தங்கை மகனிடம் கேட்டு, அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். “எழுதுங்க பெரியம்மா, இன்னொருத்தன் மாட்ட வேண்டாம்” என்றான். அவன் அப்போது வாடகை வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். திராட்சை, காய்கறி ஏற்றிக்கொண்டு குமுளி வழியாகக் கேரளாவுக்குப் போய்வருவான். 2020 ஊரடங்கில் வண்டி நின்றது. டயர், டீசல், வீட்டு மருத்துவச் செலவு என்று கார்டில் தேய்த்தது 62,000 ரூபாய். சில மாதம் குறைந்தபட்சத் தொகை மட்டும் கட்டினான். பிறகு அதுவும் நின்றது. மாதம் மூன்றரை சதவீத வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. ஒரு வருடத்துக்குள் 62,000 என்பது 1,14,000 ஆகிவிட்டது.

பிறகு போன் வர ஆரம்பித்தது. அவனுக்கு மட்டுமல்ல, எனக்கும் வந்தது. நான் ஜாமீன் கையெழுத்துப் போட்டவள் இல்லை. ஆனாலும் இரவு எட்டரை மணிக்கு ஒருவர் கூப்பிட்டு, “டீச்சர் வீட்டுப் பிள்ளை இப்படிப் பண்ணலாமா?” என்றார். எனக்குக் கை நடுங்கியது. அன்றைக்கு ஒரு விதி தெரிந்திருந்தால் நடுங்கியிருக்க மாட்டேன். வசூல் ஆட்கள் கடன்காரரை மிரட்டக் கூடாது, அவமானப்படுத்தக் கூடாது, அவருடைய குடும்பத்தாரையும் நண்பர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது என்று 2022 ஆகஸ்டில் இன்னும் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள்.

பயமும் வெட்கமும் ஏறிய நேரத்தில்தான் அந்த வாக்கியம் வந்தது. “48 ஆயிரம் கட்டுங்க தம்பி, இந்த வாரமே க்ளோஸ் பண்ணிடலாம்.”

க்ளோஸ். இந்த ஒரு சொல்லோடுதான் எனக்குச் சண்டை.

தங்கை தன் வளையலை அடகு வைத்தாள். 2021 ஆகஸ்டில் 48,000 கட்டினான். 66,000 மிச்சம் என்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். நானும் குடித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, சொந்தமாக ஒரு பிக்கப் வண்டி வாங்க வங்கியில் ஐந்து லட்சம் கேட்டான். முடியாது என்றார்கள். காரணம் கேட்டு சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். அந்தக் கார்டுக்கு நேரே Closed என்று இல்லை, Settled என்று இருந்தது. செட்டில் செய்த தொகை 48,000 என்றும் தனியாகப் போட்டிருந்தது.

இரண்டு சொல்லுக்கும் என்ன வித்தியாசம்? Closed என்றால் வாங்கியதைக் கட்டி முடித்தார் என்று பொருள். Settled என்றால் முழுதாகக் கட்டவில்லை, கடன் கொடுத்தவர் நஷ்டப்பட்டு விட்டுக்கொடுத்தார் என்று பொருள். கடனை முடித்துவிட்டோம் என்று நாம் நினைக்கிறோம். அடுத்த வங்கி மேலாளர் அதைப் பார்த்து, “இவருக்குக் கொடுத்தால் நமக்கும் பாதிதான் வரும்” என்று நினைக்கிறார். இதைவிட மோசமாக Written off என்று ஒன்று உண்டு. வராக்கடன் என்று வங்கி தன் புத்தகத்தில் எழுதிவிட்டது என்று அர்த்தம். அப்போதும் நாம் கட்ட வேண்டிய பொறுப்பு போய்விடாது.

இந்தத் தகவலைக் கடன் தகவல் நிறுவனங்கள் குறைந்தது ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சிபில் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அப்படி நான்கு நிறுவனங்கள் உண்டு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒன்றில் தப்பினால் இன்னொன்றில் மாட்டும்.

வங்கி மறுத்ததால் அவன் தனியார் ஃபைனான்சுக்குப் போனான். இப்போது சிலேட்டை எடுங்கள். வங்கியில் கிடைத்திருந்தால் வட்டி 10 சதவீதம். ஐந்து லட்சத்துக்கு ஐந்து வருடம் மாதத் தவணை சுமார் 10,624 ரூபாய். ஃபைனான்சில் 18 சதவீதம். தவணை சுமார் 12,697. மாதம் வித்தியாசம் 2,073. அறுபது மாதத்துக்குப் பெருக்குங்கள். 1,24,380 ரூபாய்.

மிச்சம் பிடித்தது 66,000. அதற்குக் கொடுத்த விலை 1,24,380. கைதட்டிய பதினேழு பேரும் இந்தக் கழித்தலைப் போட்டுப் பாருங்கள்.

“அப்படியென்றால் செட்டில்மென்டே கூடாதா டீச்சர்?” என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். வேலை போய், உடம்பும் முடியாமல், இனி முழுதாகக் கட்டவே வழியில்லை என்றால் செட்டில்மென்ட் நியாயமான வழிதான். கடனுக்காக உயிரை விடுவதற்கு ஏழு வருடக் கறை எவ்வளவோ மேல். அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் அது கடைசிக் கதவு. கட்ட முடிந்தவன், தள்ளுபடி என்ற ஆசையில் வேண்டுமென்றே மூன்று மாதம் கட்டாமல் விட்டு அந்தக் கதவைத் தட்டுவது முட்டாள்தனம். அப்படிச் சொல்லிக்கொடுத்துக் கமிஷன் வாங்கும் ஆட்களை நம்பாதீர்கள். கட்டாத ஒவ்வொரு மாதமும், எத்தனை நாள் தாமதம் என்ற எண்ணாக அறிக்கையில் பதிவாகும். 36 மாதக் கட்டங்கள் வரிசையாகத் தெரியும்.

முதலில் வேறு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். “பாக்கியைக் குறைந்த வட்டியில் மாதத் தவணையாக மாற்றித் தருவீர்களா?” என்பது ஒன்று. “தாமதக் கட்டணத்தையும் அபராத வட்டியையும் திருப்பிவிட்டு, மீதியை நான் முழுதாகக் கட்டினால் Closed என்று அனுப்புவீர்களா?” என்பது இன்னொன்று. ஒத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் வங்கிக்கு இல்லை. ஆனால் வசூல் ஆளிடம் கேட்காமல், வங்கியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலில் கேளுங்கள். எங்கள் பிள்ளை இதைக் கேட்கவே இல்லை. 62,000 அசலில் 48,000-க்கு வளையலைப் புரட்ட முடிந்த குடும்பத்துக்கு, இன்னும் 14,000 புரட்டி அசலையாவது முழுதாகக் கட்டுகிறோம் என்று பேசத் தெரியவில்லை. பேசலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தெரியவில்லை.

செட்டில்தான் வழி என்று முடிவானால், பணம் கட்டும் முன்பே வங்கியின் லெட்டர்ஹெட்டில் அல்லது வங்கியின் சொந்த மின்னஞ்சலில் கடிதம் வாங்குங்கள். கார்டின் கடைசி நான்கு எண், கட்டும் தொகை, கடைசித் தேதி, மீதியைக் கேட்க மாட்டோம் என்ற வரி, கடன் அறிக்கையில் என்ன சொல் போடுவார்கள் என்பது, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். பணத்தைக் கார்டு கணக்கிலேயே கட்டுங்கள். வசூல் ஆளின் ஜிபே எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். கட்டிய பிறகு பாக்கியில்லாச் சான்று வாங்குங்கள். இரண்டு மாதம் கழித்து அறிக்கையை எடுத்துப் பாருங்கள். நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இன்னொன்று: இப்படிச் செட்டில் செய்தவருக்குக் குறைந்தது 12 மாதம் புதுக் கடன் தரக் கூடாது என்று 2023 ஜூனில் ரிசர்வ் வங்கியே வழிமுறை வகுத்திருக்கிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் அந்தக் கணக்கு வேறு. அந்த வருடத்தில் வீட்டுக் கடன், வண்டிக் கடன் திட்டம் எதுவும் போட்டுவிடாதீர்கள்.

எங்கள் பிள்ளை என்ன செய்தான்? அடுத்து வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் இருந்ததால், போன வருடம் வங்கிக்கு எழுதினோம். தள்ளுபடி செய்த 66,000-ஐக் கட்டினால் மாற்றுகிறோம் என்றார்கள். குறைக்கக் கேட்டோம், மறுத்துவிட்டார்கள். சீட்டு எடுத்துக் கட்டினான். பாக்கியில்லாச் சான்று வந்தும் அறிக்கை மாறவில்லை. அறிக்கை நிறுவனத்தில் புகார் கொடுத்தோம். இந்தப் புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ஒரு விதி உண்டு. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதினேன். மூன்றாவது வாரம் Closed என்று மாறியது. மாறாமல் இருந்திருந்தால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் போயிருப்போம்.

ஆனால் பழைய தாமதக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. அவை உண்மை. உண்மையை யாராலும் அழிக்க முடியாது. “ஐயாயிரம் கொடுங்கள், சிபிலைச் சுத்தம் செய்கிறோம்” என்று விளம்பரம் செய்கிறவர்களாலும் முடியாது. கடன் கொடுத்த வங்கி உறுதி செய்யாமல் அந்த நிறுவனங்கள் ஒரு எழுத்தைக்கூட மாற்றாது.

ஆக, அவன் 48,000-மும் கட்டினான், 66,000-மும் கட்டினான், ஃபைனான்ஸ் வட்டியும் கட்டிக்கொண்டிருக்கிறான். ‘பாதி கட்டினால் போதும்’ என்பதன் முழு விடை இதுதான்.

வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. கார்டு கொடுக்கும்போது பத்துப் பக்கம் கையெழுத்து வாங்குகிறீர்கள். செட்டில் செய்யும்போது மட்டும் ஒரு போன் வாக்கியம் போதுமா? “இது க்ளோஸ் இல்லை, செட்டில். ஏழு வருடம் உங்கள் பெயரில் நிற்கும்” என்று உங்கள் ஆள் தமிழில் சொன்னால் உங்களுக்கு வசூல் குறையும் என்பது தெரியும். அதனால்தான் சொல்வதில்லை. வகுப்பில் இப்படி ஒரு பிள்ளை பாதியை மறைத்துச் சொன்னால், அதற்குப் பொய் என்றுதான் பெயர் வைத்திருந்தேன்.

குழுவில் அந்தச் செய்தியைப் போட்ட மருமகப்பிள்ளை கோபித்துக்கொள்ள வேண்டாம். அதை நீக்கவும் வேண்டாம். இந்தப் பதிவை அதற்குக் கீழே போட்டுவிடுங்கள், போதும்.

யாருக்காவது இப்போது இப்படி போன் வந்துகொண்டிருந்தால், வெட்கப்படாமல் வீட்டுக்கு வாருங்கள். அறிக்கையை அச்செடுத்துக்கொண்டு வாருங்கள். கடிதம் எழுத நான் உதவுகிறேன். பணம் கட்டிய பிறகு வராதீர்கள், அதற்கு முன்பே வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்