ஆயுதம் ஏந்தாத இறுதிப் போர்

புராணக் கணக்கில் கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள். அது கி.மு. 3102-இல் தொடங்கியதாகப் பஞ்சாங்க மரபு சொல்கிறது. அப்படியானால் இன்னும் 4,26,000 ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருக்கிறது. குதிரையேறி வாளோடு கல்கி வருவது அதன் கடைசியில்தான். முடிவை இவ்வளவு தொலைவில் வைத்தவர்கள் யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். நடக்கிற ஆட்சியால் நெருக்கடி இல்லாதவர்களுக்கே அந்தத் தொலைவு பொருந்தும். உழைத்தும் கூலி கிடைக்காதவருக்கு, தலைக்கு வரி கட்டியவருக்கு, அது எட்டாத ஆறுதல்.

அந்த முடிவுக்கான அறிகுறிகளும் கவனிக்கத் தக்கவை. சூத்திரர் உபதேசம் செய்வார்கள், அந்தணர் அவர்களுக்குப் பணிவிடை செய்வார்கள், வருணங்கள் கலந்துவிடும் என்று மகாபாரதத்தின் வனபர்வமும் விஷ்ணு புராணமும் அஞ்சுகின்றன. அந்த வரிகளில் நிஜமான சமூகக் கலக்கத்தின் தடம் இருப்பதாக வரலாற்றறிஞர் ஆர்.எஸ்.சர்மா வாதிட்டார். எனக்கும் அது சரியென்றே படுகிறது. எழுதியவர்களுக்கு உலகம் அழிவதாகத் தோன்றியது, தங்கள் படிநிலை ஆட்டம் கண்டபோது.

இந்த அறிகுறிகளைத் தலைகீழாக்கிய ஒரு தமிழ் நூல் பழைய திருவிதாங்கூர் மண்ணில் எழுந்தது. 1841-இல் அரிகோபாலன் சீடர் எழுதியதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானைதான் அது. ஏட்டில் இருந்து 1939-இல் அச்சேறியது. சாதி கலப்பது கலியின் அடையாளம் என்று அந்த நூல் சொல்லவில்லை. சாதியால் ஒடுக்குவதும் வரி மேல் வரி போடுவதும் கூலியில்லாமல் ஊழியம் வாங்குவதும் கலி என்கிறது. வித்துராவில் இருப்பவர்களுக்கு இது அயலூர்க் கதையாக வேண்டியதில்லை. அகத்தியர் மலையடிவாரக் காணிக்காரர்கள் மலை விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டு போன அதே அரண்மனைதான் அகிலத்தின் எதிர்த்தரப்பு. இங்கிருந்து நெடுமங்காடு வழியே சுமார் 40 கிலோமீட்டர் போனால் வரும் திருவனந்தபுரம், அந்த நூலில் கலி அரசாளும் நகரம்.

அகிலத்தில் யுகங்கள் நான்கு என்ற கணக்கு இல்லை. எட்டு யுகங்கள்: நீடியம், சதுரம், நெடு, கிரேதம், திரேதம், துவாபரம், கலி, தர்மம். முதல் யுகத்தில் குறோணி என்றொரு பேருருவம் பிறக்கிறது. அதன் பசி கடல் நீரைக் குடித்தும் அடங்காமல் கயிலையையே விழுங்கப் பார்க்கிறது. மாயோன் அதை ஆறு துண்டாக வெட்டுகிறார். ஒவ்வொரு துண்டும் அடுத்தடுத்த யுகத்தில் எதிரியாகப் பிறக்கிறது. நமக்குத் தெரிந்த சூரபத்மனும் இரணியனும் இராவணனும் துரியோதனனும் இந்த வரிசையில் வருகிறார்கள். தனித்தனிக் கதைகளாகக் கேட்டு வந்தவற்றை ஒரே பசியின் மறுபிறப்புகளாக இந்த நூல் கோத்துவிடுகிறது. ஒவ்வொரு முறையும் எதிரி கொல்லப்படுகிறான். ஆனாலும் மிச்சம் இருக்கிறது. கொல்வதால் இது தீராது என்பதைப் பாமர மக்களுக்குப் பாட்டிலேயே காட்டிக் கொடுக்கும் அமைப்பு இது.

கடைசித் துண்டு கலியன். இவனோடு நடக்கும் மோதல்தான், நான் அறிந்த வரையில், இறுதிப் போர்க் கதைகளிலேயே விசித்திரமானது. கலியன் மண்ணுக்குள்ளிருந்து தலைகீழாக வெளிப்படுகிறான். ஈசனிடம் எல்லா வரங்களையும் வாங்கிக்கொள்கிறான். வரம் பெற்றுத் திரும்பும் வழியில் மாயோன் ஒரு பண்டாரமாக, கந்தைத் துணியோடு அவன்முன் நின்று போருக்கு அழைக்கிறார். கையில் ஒன்றுமில்லாத ஆண்டியோடு சண்டையிடுவது தனக்கு இழுக்கு என்று கலியன் மறுக்கிறான். மாயோன் அதையே பிடித்துக்கொள்கிறார். பண்டாரங்களை ஒருபோதும் துன்புறுத்த மாட்டேன், துன்புறுத்தினால் வரமும் படையும் குலமும் இழந்து நரகம் போவேன் என்று சத்தியம் வாங்கிவிடுகிறார். மாயோனின் சக்கரமும் அவன் கையில் பணமாக மாறிப் போகிறது. திருவிதாங்கூரில் அன்று புழங்கிய காசின் பெயரும் சக்கரம். வரியாக எண்ணிக் கொடுத்தவர்களுக்கு இந்த இடம் எப்படிக் கேட்டிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

ஆக, கலியனை அழிக்க வாள் தேவையில்லை. அவன் தன் சத்தியத்தை மீறும் நாள் வந்தால் போதும். ஓர் ஆண்டியை அவன் கை தொட வேண்டும்.

அதற்கு முன் இன்னொன்று நடக்கிறது. 1750-இல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். அதன்பின் ஆண்ட அரசர்கள் பத்மநாப தாசர்கள். ஆணையை மீறுவது தெய்வத்தை மீறுவது. இந்த ஏற்பாட்டை அகிலம் ஒரே அடியில் குலைக்கிறது. சான்றோர் என்று நூல் அழைக்கும் ஒடுக்கப்பட்ட மக்களை நீசனாகிய அரசன் படுத்தும் பாட்டைப் பொறுக்காமல் பெருமாள் திருவனந்தபுரத்தை விட்டுத் திருச்செந்தூர்க் கடலுக்குப் போய்விடுகிறார். அரசன் இருக்கிறான், கோயில் இருக்கிறது, தெய்வம் அங்கே இல்லை. அரசனைப் பகைக்கிறவர்கள் தெய்வத்தையும் பகைக்க வேண்டியிருந்த கட்டு அவிழ்கிறது. பல மரபுகளில் உலகம் முடியும் விதம் தீயோ வெள்ளமோ. இங்கே ஓர் அரசின் நியாயம் அதன் கருவறையிலிருந்தே வெளியேறிவிடுகிறது.

வரலாறு இந்தக் கதையோடு சேரும் இடம் 1833. அகத்தீசுவரம் பக்கத்துச் சாஸ்தான்கோவில்விளையில் பிறந்த முத்துக்குட்டி அந்த ஆண்டு மாசி மாதம் திருச்செந்தூர்க் கடலில் இறங்கி, வைகுண்டராக எழுந்தார் என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழியினரின் நம்பிக்கை. இன்றைய சாமித்தோப்பில் அவர் தவமிருந்தார். கூட்டம் திரண்டது. ஆள்கிறவனைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயரை வெண்ணீசன் என்றும் சொன்ன ஒருவரைச் சுவாதித் திருநாளின் அரசு சும்மா விடவில்லை. 1838-இல் கைது செய்து, திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. பசித்த புலியின் முன் நிறுத்தினார்கள், அது அவரைத் தீண்டவில்லை என்கிறது அகிலம். 1839 மாசியில் விடுதலையானார். அரசின் கணக்கில் இது ஒரு குழப்பக்காரரை அடக்கிய நடவடிக்கை. அகிலத்தின் கணக்கிலோ கலியன் பண்டாரத்தின் மேல் கை வைத்துவிட்டான், சத்தியம் முறிந்தது, போர் அங்கேயே முடிந்துவிட்டது. அடிபட்டவர் பக்கம் வெற்றி விழுந்தது.

இது வெறும் ஆறுதல் கதைதானே என்று சிலர் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதே காலத்தில், அதே போன்ற நெருக்கடியில், வேறோர் இடத்தில் நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். 1856-இல் தென்னாப்பிரிக்காவில் கோசா மக்களிடையே நோங்கவுசே என்ற இளம்பெண் ஒரு செய்தி சொன்னாள். மாடுகளைக் கொன்று, தானியத்தை அழித்து, விதைக்காமல் இருந்தால் முன்னோர்கள் எழுந்து வருவார்கள், புது மந்தைகள் வரும், வெள்ளையர் போய்விடுவார்கள் என்பது அது. நிலம் பறிபோய், மந்தையில் நுரையீரல் நோயும் பரவியிருந்த மக்கள் நம்பினார்கள். மதிப்பீடுகளின்படி 4 லட்சம் மாடுகள் கொல்லப்பட்டன. குறித்த நாள் 1857 பிப்ரவரியில் வந்து போனது. சுமார் 40,000 பேர் பட்டினியால் இறந்தனர், மிஞ்சியவர்கள் கூலிக்காகக் காலனிக்குள் நடந்தார்கள். அவர்களை மூடர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பழையதை முழுக்க அழித்தால்தான் புதியது வரும் என்று நம்பினால் கடைசிவரை போகத்தான் வேண்டியிருக்கும். நாள் குறித்த நம்பிக்கைக்கு மறுநாள் என்று ஒன்று கிடையாது.

வைகுண்டர் செய்தது வேறு. விடுதலைக்குப் பின் அவர் 700 குடும்பங்களைக் கடலோர வாகைப்பதிக்கு அனுப்பினார். துவையல் பந்தி என்று அதற்குப் பெயர். நாளைக்கு மூன்று முறை குளியல், துணி துவைத்தல், பச்சரிசியும் சிறுபயறும் சேர்ந்த ஒருவேளைச் சோறு. மாதக்கணக்கில் நடந்த இந்த ஒழுங்கில் வெளியேற்ற வேண்டிய எதிரி அரண்மனையில் மட்டும் இல்லை. தங்களைத் தாங்களே இழிவென்று நினைத்த பழக்கமும் அவர்களுக்குள் இருந்த கலிதான். சாமித்தோப்பின் முத்திரிக் கிணறு எல்லாச் சாதியினரும் ஒரே நீரில் குளிக்க ஏற்பட்டது. தலைப்பாகை மறுக்கப்பட்ட ஆண்கள் அதைக் கட்டிக்கொண்டு வணங்கினார்கள். வழிபாட்டிடத்தில் சிலைக்குப் பதில் கண்ணாடி. தர்மயுகம் வரும் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்காமல், அது வந்துவிட்டால் எப்படி வாழ்வோமோ அப்படி முன்கூட்டியே வாழ்ந்து பார்த்தார்கள்.

பௌத்தத்தின் தீக நிகாயத்தில் இதற்கு நெருங்கிய ஒரு கதை இருக்கிறது. சக்கவத்தி சீகநாத சூத்திரத்தின்படி, மனித ஆயுள் பத்தாண்டாகக் குறைந்த காலத்தில் ஏழு நாள் வாள்யுத்தம் மூளும். மனிதர் ஒருவரையொருவர் மிருகமாகவே பார்ப்பார்கள். கொல்லவும் வேண்டாம் கொல்லப்படவும் வேண்டாம் என்று சிலர் காட்டுக்குள்ளும் மலை இடுக்குகளிலும் ஒளிந்து, ஏழு நாள் கழித்து வெளியே வந்து ஒருவரையொருவர் தழுவிக்கொள்வார்கள். இனிக் கொல்வதில்லை என்று முடிவெடுப்பார்கள். அதிலிருந்து ஆயுள் மெல்ல ஏறுகிறது. மைத்ரேயர் வருவது வெகு தலைமுறைகள் கழித்து. மீட்பர் வந்து மனிதரைத் திருத்துவதில்லை. திருந்திய மனிதரிடம்தான் அவர் வருகிறார். துவையல் பந்தியின் தர்க்கமும் இதுவே.

அகிலத்தின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். அது யாரைச் சான்றோர் என்கிறது? நூலின் கதைப்போக்கு நாடார் சமூகத்தின் துயரத்தையும் வம்ச வரலாற்றையும் ஒட்டியே ஓடுகிறது. வைகுண்டரோ பதினெட்டுச் சாதியையும் ஒன்றாக அழைத்தவர். இரண்டு வாசிப்புக்கும் நூலிலேயே இடமிருக்கிறது. ஒரு சமூகத்தின் மீட்சியாக அதைச் சுருக்கினால், மலையோரக் காணிக்காரருக்கும் வயல்களில் அடிமைகளாக இருந்த புலையருக்கும் அந்தத் தர்மயுகத்தில் இடம் எங்கே என்ற கேள்வி பதிலின்றி நிற்கும்.

வைகுண்டர் 1851-இல் மறைந்தார். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855-இல் ஒழிந்தது. தோள்சீலைக் கலவரத்துக்குப் பின் 1859-இல் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமையை அரசு ஏற்றது. 1936 நவம்பரில் ஆலயப் பிரவேச விளம்பரம் வந்தது. இவற்றையெல்லாம் அகிலம் சாதித்ததாகச் சொல்வது மிகை. மிஷனரிகளின் அழுத்தம், ஆங்கிலேய அரசின் கடிதங்கள், தெருவில் அடிபட்டவர்களின் பிடிவாதம், பின்னால் நாராயண குருவும் அய்யன்காளியும் எனப் பலர் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு தேதியிலும் ஒரு பழைய உலகத்தின் ஒரு பகுதி இல்லாமல் போனது, இடியோ பிரளயமோ இன்றி.

சாமித்தோப்பில் கார்த்திகை மாதம் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கிறது. குறோணியின் பிறப்பில் தொடங்கி, கலி முடிந்து, தர்மயுகப் பட்டாபிஷேகம் வரை பாடுகிறார்கள். அடுத்த கார்த்திகையில் மறுபடியும் குறோணியிலிருந்தே. மாசியில் வைகுண்டர் அவதார நாளுக்கு முந்தைய தினம் திருச்செந்தூரிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் இரண்டு ஊர்வலங்கள் புறப்பட்டு நாகர்கோவிலில் சேர்கின்றன. ஒன்று அவர் எழுந்த கடலிலிருந்து வருகிறது, மற்றொன்று அவரைச் சிறை வைத்த நகரிலிருந்து.