இரண்டு நாள் பொறுத்தால் என்ன?

இரவு பதினொன்றரை மணிக்குப் பிறகு போனில் வாங்குகிற எதையும் நாங்கள் இப்ப நம்புவதில்லை. திருநெல்வேலியில் ஒரு போர்டிங் றூமில் நாலு பேர் இருக்கிறோம். போன வருசம் எங்களில் ஒருத்தி அப்படியொரு நேரத்தில் 6,900 ரூபாய்க்கு காதில் மாட்டுற இயர்பட்ஸ் ஒன்றை வாங்கினாள். மூன்று தவணை, வட்டி இல்லை, ஒவ்வொன்றும் 2,300. முதல் தவணையை அந்த நேரமே கட்டியாயிற்று. "2,300 தானேடி" என்று நாங்களும் சொன்னோம். இரண்டாவது தவணை வந்த கிழமையில்தான் சாப்பாட்டுக் காசும், ஆய்வறிக்கை பிரிண்ட் எடுக்கிற காசும் வந்தன. மகாபொல இன்னும் விழவில்லை. அந்தக் கிழமை அவள் பின்னேரச் சாப்பாட்டை "பசிக்கேல்ல" என்று சொல்லித் தட்டிக் கழித்தது எங்களுக்கு நாலாம் நாள்தான் விளங்கியது.

அதற்குப் பிறகு றூமில் ஒரு வழக்கம் தொடங்கினோம். அவசியமில்லாத எதை வாங்குவதென்றாலும் 48 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அதை ஞாபகப்படுத்த போனில் ஒரு அலாரம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு எல்லாருடைய ஆசைப் பட்டியலையும் எடுத்துப் பார்ப்பது. இதை வைத்து சில மாதம் ஓட்டிய பிறகு எங்கட கருத்து இதுதான்: 48 மணித்தியாலம் உதவி செய்கிறது, ஆனால் உண்மையான வேலையைச் செய்வது ஞாயிற்றுக்கிழமைதான்.

எப்படிச் செய்கிறோம் என்பதை ஒரு கைப்பையை வைத்தே சொல்லலாம். ஒரு செவ்வாய் இரவு இன்னொருத்திக்கு ஒன்லைனில் ஒரு பை பிடித்துவிட்டது. 8,400 ரூபாய் வெட்டப்பட்டு 4,200 என்று போட்டிருந்தது. பக்கத்தில் மணிக்கூடு ஒன்று பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது, சலுகை முடிய மூன்று மணித்தியாலம் என்று. அவள் கொப்பியில் நாலு விசயம் எழுதினாள்: என்ன பொருள், இப்போதைய விலை, எழுதிய நேரம், காசு எங்கிருந்து வரும். கடைசிக் கேள்விக்கு "பார்ப்பம்" என்று எழுதக்கூடாது. "ரியூசன் காசு, 25ஆம் திகதி" மாதிரி எழுத வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருந்தால் மற்ற மூன்றும் எவ்வளவு வடிவாக இருந்தாலும் பிரயோசனமில்லை.

அலாரத்தைச் சரியாக 48 மணித்தியாலத்துக்கு வைத்தால் அதுவும் வியாழன் இரவு பதினொன்றரைக்குத்தான் அடிக்கும். ஆசை வந்த அதே நேரம், அதே கட்டில், அதே அலுப்பு. முதலில் நாங்கள் விட்ட பிழை இதுதான். இப்ப அதை அடுத்த பகலுக்குத் தள்ளி வைக்கிறோம், லெக்சர் முடிந்து வெயிலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு வருகிற நேரத்துக்கு. அலாரம் அடித்ததும் கொப்பியைத் திறக்காமல், அது எதற்கான அலாரம் என்று யோசித்துப் பார்க்க வேண்டும். பாதி நாட்களில் எங்களுக்கு ஞாபகமே வருவதில்லை. அப்படியென்றால் அந்த இடத்திலேயே ஒரு கோடு. ஞாபகம் வந்தால் அது ஞாயிற்றுக்கிழமைப் பட்டியலுக்குப் போகும். அலாரம் அடித்தது வாங்குவதற்கான அனுமதி இல்லை என்பதை நாங்கள் சண்டை பிடித்துத்தான் ஏற்றுக்கொண்டோம். "இரண்டு நாள் பொறுத்தனான் தானே, இனி என்ன" என்று ஆசைக்கு ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

பைக்கு வருவோம். ஞாயிறு பார்த்தபோது அது இன்னும் 4,200 தான், மணிக்கூடும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, திரும்பவும் மூன்று மணித்தியாலத்திலிருந்து. அடுத்த ஞாயிறும் அப்படித்தான். கொப்பியில் விலையும் நேரமும் எழுதி வைக்காவிட்டால் இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. வெட்டிக் காட்டிய 8,400 எந்தக் காலத்து விலையோ.

இதில் ஒரு நியாயமான எதிர்ப்பு இருக்கிறது, அதை எங்கட அம்மாமார்தான் சொன்னார்கள்: "பொறுத்துப் பொறுத்து இருந்தால் விலை கூடிப்போகும்." அவர்கள் சொல்வது சும்மா இல்லை. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போனது. அந்த வருசம் இரண்டு நாள் பொறுத்தவர் நட்டப்பட்டார், கண்டவுடன் வாங்கியவர் தப்பினார். கொப்பியும் பால்மாவும் நாங்கள் அப்படித்தான் வாங்கினோம். ஆனால் 2023 நடுப்பகுதியிலேயே பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. ஏறிய விலை இறங்கவில்லை என்பது வேறு கதை. இரண்டு நாளில் ஒரு பொருள் பாய்கிற காலம் போய்விட்டது, அந்தக் காலத்துப் பதற்றம் மட்டும் எங்கட கையில் மிஞ்சி நிற்கிறது. அதைத்தான் அந்த ஓடுகிற மணிக்கூடு பிடித்துத் தின்கிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை, கையில் கிடைத்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பிக் கொடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அங்கே யோசிக்கிற நேரம் வாங்கிய பிறகு வருகிறது. இங்கே நாங்கள் போகிற கடைகளின் பில்லில் "விற்ற பொருள் மீளப்பெறப்படமாட்டாது" என்று அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். அதனால் அந்த நேரத்தை வாங்குவதற்கு முன்னாலேயே நாங்களே உண்டாக்க வேண்டியிருக்கிறது. இதைப் பெரியவர்கள் சொல்கிற சிக்கனத்தோடு குழப்ப வேண்டாம். கையில் காசே இல்லாதவள் 48 மணித்தியாலம் அல்ல, ஆறு மாதம் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறாள், அவளுக்கு அலாரம் தேவையில்லை. இந்த வழக்கம் தவணைக்கு வாங்கக்கூடிய எங்களைப் போன்றவர்களுக்குத்தான், இல்லாத காசை இருக்கிற மாதிரிக் காட்டுகிற இடத்தில்.

பிழைத்துப்போன இடங்களும் உண்டு. முதல் மாதம் பட்டியலைப் படங்களோடு வட்ஸ்அப் குறூப்பில் போட்டோம். அது கடைக் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது, ஒருத்தியின் ஆசை நாலு பேருக்கும் தொற்றியது. இப்ப கொப்பியில் எழுத்து மட்டும்தான். இன்னொன்று, ஐப்பசி மழை தொடங்குகிற நேரம் ஒருத்தி மழைக்கோட்டையும் பட்டியலில் போட்டு, விதியை மதித்து, நனைந்து, காய்ச்சலில் படுத்தாள். இல்லாமல் போனால் இரண்டு நாளுக்குள் உடம்புக்கோ படிப்புக்கோ கேடு வரும் என்றால் அந்தப் பொருள் பட்டியலுக்கே வராது என்று அன்றைக்குத்தான் எழுதினோம். சின்னச் செலவுகளை இது பிடிப்பதேயில்லை. ரோல்ஸ், ஐஸ்கிறீம், ரிலோட் எல்லாம் 48 மணித்தியாலத்துக்கு அடங்காது. அதற்கு அலாரம் வைக்கப் போய் இரண்டு நாளில் நாங்களே சிரித்துவிட்டோம்.

ஞாயிற்றுக்கிழமையின் பலம் வேறு. தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு பொருளும் தனக்குத் தனக்கு நியாயம் சொல்லும். ஒரே பக்கத்தில் ஏழு பொருள் வரிசையாக நின்றால், இருக்கிற 3,000 ரூபாய்க்கு அவை ஒன்றோடொன்று போட்டி போட வேண்டும். போன மாதம் அந்தப் பை, ஒரு லிப்ஸ்ரிக், ஒரு மேசை விளக்கு மூன்றும் நின்றன. லிப்ஸ்ரிக்கை அவளே வெட்டினாள். பைக்கு "காசு எங்கிருந்து" என்ற இடம் மூன்றாம் கிழமையும் வெறுமையாகவே இருந்தது. விளக்கு 1,850. லைற் நிற்பாட்டிய பிறகு படிக்கிறவளுக்கு அது வேணும் என்று நாங்கள் மூன்று பேரும் சொன்னோம், திங்கள் அன்று கடைக்குப் போய் எரிய வைத்துப் பார்த்தே வாங்கி வந்தோம்.

பை இன்னும் பட்டியலில்தான் இருக்கிறது. நேற்றுப் பார்த்தபோது 3,900.