இரண்டாவது மகிழுந்து யாருக்குத் தேவை?

குளுவாங் பட்டணத்தில் கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீடுகளில் அடிக்கடி எழும் பேச்சு ஒன்று உண்டு. இன்னொரு மகிழுந்து வாங்கிவிடலாமா, இருக்கும் ஒன்றையே இருவரும் பகிர்ந்துகொள்ளலாமா என்பதே அது. பேச்சு பெரும்பாலும் பெட்ரோல் விலையில் தொடங்கி, மாதத் தவணையில் முடிந்துவிடுகிறது. இவ்விரண்டையும் மட்டும் பார்த்து முடிவெடுப்பது தவறு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். மனைவி குளுவாங் மருத்துவமனையில் தாதி. கணவருக்கு ஆயர் ஈத்தாம் அருகில் உள்ள தொழிற்சாலையில் வேலை. அது வீட்டிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அவர் காலை 8 மணிக்கு வேலை தொடங்கி மாலை 5.30 மணிக்கு முடிக்கிறார். மனைவிக்கோ மூன்று முறைகள்: காலை 7 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 9 வரை, இரவு 9 முதல் மறுநாள் காலை 7 வரை. தொடர்வண்டியும் இவர்களுக்கு உதவாது. குளுவாங் நிலையத்தைக் கடக்கும் தண்டவாளம் வடக்கிலும் தெற்கிலும் செல்கிறது. ஆயர் ஈத்தாமோ மேற்கில் இருக்கிறது.

இரண்டாவது மகிழுந்தின் செலவை முதலில் கணக்கிடுவோம். விலை 40,000 ரிங்கிட், முன்பணம் 4,000 ரிங்கிட் என வைத்துக்கொள்வோம். மீதி 36,000 ரிங்கிட்டுக்கு வங்கிக் கடன், ஆண்டுக்கு 3 விழுக்காடு வட்டி, ஒன்பது ஆண்டுத் தவணை. பல ஆண்டுகளாக வழங்கிவந்த முறைப்படி, இந்த வட்டி மீதமுள்ள கடனுக்குக் கணக்கிடப்படவில்லை. தொடக்கத்தில் வாங்கிய முழுத் தொகைக்கும் ஒன்பது ஆண்டுகளுக்கும் கணக்கிடப்பட்டது. அந்த முறையில் வட்டி 9,720 ரிங்கிட். மாதத் தவணை ஏறத்தாழ 423 ரிங்கிட். கடன் குறையக் குறைய வட்டியும் குறைவதாக இருந்தால், இதே தவணைக்கு வட்டி விகிதம் ஏறக்குறைய ஐந்தரை விழுக்காடாக இருக்கும். அந்த முறையில் விளம்பரத்தில் தெரிந்த 3 என்ற எண் கடனை உண்மையில் இருந்ததைவிட மலிவாகக் காட்டியது.

அடுத்தது காப்புறுதி. பலர் கவனிக்கத் தவறும் இடம் இதுதான். இழப்பீடு கோராமல் ஆண்டுகள் கடந்தால், என்.சி.டி. எனப்படும் கழிவு முதலாண்டு முடிவில் 25 விழுக்காட்டில் தொடங்கி, ஐந்தாம் ஆண்டில் 55 விழுக்காடு வரை உயர்கிறது. ஆனால், பழைய மகிழுந்துக்குக் கிடைத்த 55 விழுக்காட்டை ஒரே நேரத்தில் புதியதற்கும் பயன்படுத்த முடியாது. இரண்டாவது மகிழுந்து சுழியத்திலிருந்துதான் தொடங்கும். ஆகவே, முதல் ஆண்டில் காப்புறுதிக்கு 1,300 ரிங்கிட் அளவில் ஒதுக்க வேண்டியிருக்கும். சாலை வரி பெரிதன்று, 1,000 சி.சி.க்கு உட்பட்ட மகிழுந்துக்கு ஆண்டுக்கு 20 ரிங்கிட்தான். எண்ணெய் மாற்றுதல், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு மாதம் 70 ரிங்கிட் எனக் கொண்டால், மொத்தம் மாதத்திற்கு 600 ரிங்கிட்டைத் தொடும்.

இந்த 600 ரிங்கிட்டில் பெட்ரோல் சேரவில்லை. கணவர் ஆயர் ஈத்தாமுக்கும் மனைவி மருத்துவமனைக்கும் எப்படியும் போக வேண்டும். மகிழுந்து ஒன்றானாலும் இரண்டானாலும் அந்தத் தூரம் பெரிதாக மாறுவதில்லை. இரண்டாவது மகிழுந்தின் செலவில் பெரும்பகுதி அது வீட்டு வாசலில் நிற்கும்போதே உண்டாகிறது.

இனி நேரத்தைப் பார்ப்போம். மனைவிக்குக் காலை முறையென்றால், கணவர் அவரை 6.45க்கு இறக்கிவிட்டு வேலைக்குச் செல்லலாம். பிற்பகல் 2 மணிக்கு வீடு திரும்ப மட்டும் அவருக்கு வேறு வழி வேண்டும். மதிய முறையில் போவதற்கு மட்டும் வழி வேண்டும். இரவு 9 மணிக்குக் கணவர் வந்து அழைத்துக்கொள்வார். இரவு முறைதான் சிக்கலானது. 7 மணிக்கு வேலை முடிந்தாலும், அடுத்து வரும் தாதியிடம் நோயாளிகளை ஒப்படைக்கப் பதினைந்து நிமிடம் கூடுதலாகலாம். அதன் பிறகு மனைவியை வீட்டில் விட்டு, 8 மணிக்குள் ஆயர் ஈத்தாமை அடைவது கடினம். ஆகவே, அன்றும் அவருக்கு வேறு வழி தேவை.

மாதத்தில் 22 வேலை நாள்கள் என்றால், நாளுக்கு ஒன்றாக 22 பயணங்கள். பட்டணத்துக்குள் கிரேப் போன்ற வாடகை மகிழுந்துக்குப் பயணம் ஒன்றுக்கு 10 ரிங்கிட் கொடுத்தாலும் மொத்தம் 220 ரிங்கிட்தான். கணவருக்கு விடுமுறையான வார இறுதிகளில் அதுவும் தேவைப்படாது. 600 ரிங்கிட்டுக்கும் 220 ரிங்கிட்டுக்கும் உள்ள இடைவெளி சிறியதன்று. கடன் தீர்ந்த பின் மகிழுந்தை விற்றால் ஓரளவு பணம் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனாலும், ஒன்பது ஆண்டுப் பழைய மகிழுந்தின் விலை இந்த இடைவெளியை நிரப்பாது.

எனவே, இத்தகைய இணையர் இப்போதைக்கு ஒரே மகிழுந்தைப் பகிர்ந்துகொள்வதே சரி. எனினும், பகிர்வதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். காப்புறுதிப் பத்திரத்தில் ஓட்டுநர்களாக இருவர் பெயரும் இருக்க வேண்டும். பெயர் இல்லாதவர் ஓட்டும்போது விபத்து நேர்ந்தால், இழப்பீட்டிலிருந்து 400 ரிங்கிட் கழிக்கப்படும். மகிழுந்து பழுதாகிப் பணிமனையில் நிற்கும் நாளில் இருவரும் ஒன்றாகத் தவிப்பார்கள். அதற்கும் சிறு தொகை ஒதுக்கி வைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிள் வாங்கினால் போதாதா என்று சிலர் கேட்பர். அதன் விலையும் செலவும் குறைவு என்பது உண்மையே. ஆனால், நம் நாட்டுச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பகலில் பட்டணத்துக்குள் ஐந்து கிலோமீட்டர் செல்வது வேறு. லாரிகள் ஓடும் கூட்டரசு 50ஆம் எண் சாலையில், ஆண்டிறுதி மழையில், நாள்தோறும் 40 கிலோமீட்டர் செல்வது வேறு. இரண்டாவதற்கு மோட்டார் சைக்கிளைப் பரிந்துரைக்க முடியாது.

பணக் கணக்கில் வராத ஒன்றும் உண்டு. பகிரும் வீடுகளில் யாரோ ஒருவர் காத்திருக்க வேண்டியுள்ளது. பல வீடுகளில் அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவிதான். மகிழுந்து யார் பெயரில் இருக்கிறதோ, அவருடைய நேரமே வீட்டின் நேரமாகிவிடுகிறது. இரவு முழுவதும் நின்று வேலை செய்தவர், பத்து ரிங்கிட்டை மிச்சப்படுத்துவதற்காக மருத்துவமனை வாசலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால், அந்தச் சிக்கனத்தின் விலையை அவர் ஒருவரே செலுத்துகிறார். வாடகை மகிழுந்துச் செலவு குடும்பச் செலவாக இருக்க வேண்டும். மனைவியின் கைச்செலவாக இருக்கக் கூடாது.

இந்தத் தீர்ப்பு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. காஹாங், பாலோ போன்ற இடங்களுக்கு அப்பாலுள்ள தோட்டங்களில் நள்ளிரவில் வாடகை மகிழுந்தை நம்பியிருக்க முடியாது. குழந்தை பராமரிப்பு நிலையம் மாலையில் மூடும் நேரத்தில் ஒருவர் தொழிற்சாலையிலும் மற்றவர் நோயாளி அருகிலும் இருந்தால், அந்தக் குழந்தையைக் காத்திருக்கச் சொல்ல முடியாது. வாரந்தோறும் சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்லும் முதியவர் உள்ள வீடும் அப்படித்தான். அங்கே 600 ரிங்கிட் கொடுப்பது வீண்செலவாகாது.

முடிவெடுக்கும் முன் இணையர் நான்கு வாரங்களுக்கு நாள்காட்டியில் குறித்து வரலாம். இருவருக்கும் ஒரே நேரத்தில் மகிழுந்து தேவைப்பட்ட நாள்கள் எத்தனை, அன்று காத்திருந்தவர் யார், எவ்வளவு நேரம் என்பவற்றை எழுதினால் போதும். விற்பனை நிலையத்திற்குச் செல்லும்போது மாதத் தவணைத் தாளுக்கு அருகில் அந்த நாள்காட்டியையும் வைத்துப் பார்க்கலாம்.