‘மிகை வெப்பம்’ என்றால் கூட்டணுமா, குறைக்கணுமா?

மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் முடிந்த லீவில் ஓர் அனல்மின் நிலையத்தில் பயிற்சிக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த நிலையம் என்பதெல்லாம் வேண்டாமே. 210 மெகாவாட் யூனிட், அதுவரைக்கும் போதும். டர்பைன் பக்கம் ஷிப்ட் பார்த்த ஒரு சீனியர் ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: “தம்பி, நீ ப்ளாக் எல்லாம் எழுதுறியாமே. இந்த ஸ்டார்ட்டப் ப்ரொசீஜரைத் தமிழ்ல எழுதிக் குடேன். கீழ வால்வு பாக்குற பசங்களுக்கு உதவும்.”

கன்ட்ரோல் ரூமில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் பிரச்சினை இல்லை. ஆனால் டர்பைனை எழுப்பும்போது கீழ்த்தளத்தில் கையால் திறந்து மூடவேண்டிய ட்ரெயின் வால்வுகள் சில இருக்கின்றன. அங்கே நிற்பவர்களில் பலர் ஒப்பந்தத்தில் வந்தவர்கள். வாக்கி-டாக்கியில் சொன்னதைச் செய்வார்கள். ஏன் செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் நல்லதுதானே என்பது சீனியரின் எண்ணம்.

நான் சும்மா இருப்பேனா? இரண்டு ராத்திரி உட்கார்ந்து பதினொரு பக்கம் எழுதினேன். டர்பைன் ‘சுழலி’ ஆனது, கண்டென்சர் ‘குளிர்விப்பான்’ ஆனது, சூப்பர்ஹீட் ‘மிகை வெப்பம்’ ஆனது. சீனியர் முதல் பக்கத்தைப் படித்துச் சிரித்தார். மூன்றாம் பக்கத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே இருந்த வரி இது: “முதன்மை நீராவியில் குறைந்தது 50 டிகிரி மிகை வெப்பம் இருக்க வேண்டும்.”

பக்கத்தில் நின்ற ஒரு அண்ணனைக் கூப்பிட்டு அந்த வரியைக் காட்டி, “‘மிகை வெப்பம்’னா உனக்கு என்னய்யா புரியுது?” என்றார். அவர் யோசிக்கவே இல்லை. “சூடு ஓவரா ஆயிடுச்சு சார். கொறைக்கணும்.”

தப்பு அவர் மேல் இல்லை. தமிழில் மிகை என்றாலே வேண்டாத அதிகம்தான். மிகைநடிப்பு, மிகைப்படுத்தல் எதுவுமே பாராட்டு இல்லை. அங்கேயோ அது இருந்தே ஆகவேண்டிய விஷயம். ஏன் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை அழுத்தத்தோடு ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வீட்டுப் பாத்திரத்தில் 100 டிகிரி. சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அழுத்தத்தில் ஏறக்குறைய 250 டிகிரி. அதாவது 40 கிலோ பிரஷரில் 250 டிகிரியில் இருக்கும் நீராவி, கொஞ்சம் சூடு போனாலும் உடனே தண்ணீராகும் நிலையில் இருக்கிறது. இரவெல்லாம் நின்றுபோய் ஆறிக்கிடக்கும் பைப்பிலும் வால்விலும் அது பட்டால் சூடு போகாமல் இருக்குமா? தண்ணீர் உருவாகி, அது நீராவியோடு டர்பைனுக்குள் போகும். அதனால்தான் கொதிநிலைக்கு மேலே 50 டிகிரி கையிருப்பு கேட்கிறார்கள். அந்தக் கையிருப்புக்குப் பெயர்தான் சூப்பர்ஹீட்.

தண்ணீர் போனால் என்ன ஆகும்? பிளேடில் அடிபடுவது ஒன்று. அதைவிட மோசமானது கேசிங். தண்ணீர் அடியில் தங்குவதால் கேசிங்கின் கீழ்ப்பாதி சட்டென்று குளிர்ந்து சுருங்கும், மேல்பாதி சூடாகவே இருக்கும். பூனை முதுகைத் தூக்குவது மாதிரி கேசிங் நடுவில் மேல்நோக்கி வளையும். ரோட்டருக்கும் கீழே இருக்கும் சீலுக்கும் நடுவே உள்ள நூலிழை இடைவெளி போய்விடும். சுற்றுகிற ரோட்டர் சீலில் உரசினால் அந்த இடம் மட்டும் சூடாகி, ரோட்டரும் வளைய ஆரம்பிக்கும். மேலே இருப்பவர்களுக்கு வைப்ரேஷன் ஏறுவதும், கேசிங்கின் மேல்-கீழ் வெப்பநிலை வித்தியாசம் விரிவதும், மெயின் ஸ்டீம் வெப்பநிலை திடுக்கென்று விழுவதும் தெரியும். கீழே நிற்பவருக்கு பைப்பில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்கலாம், பைப் குலுங்கலாம். என் மொழிபெயர்ப்பைப் படித்தவர், ‘சூடு குறைந்தது, நல்லதுதான்’ என்று நினைத்துக்கொண்டு நின்றிருப்பார்.

இன்னொரு வரி. ஆங்கிலத்தில், சூப்பர்ஹீட் 50 டிகிரி ஆகும்வரை ட்ரெயின்களைத் திறந்தே வை என்று இருந்தது. நான் சுருக்கமாக “50 டிகிரி வரை ட்ரெயினைத் திறந்து வைக்கவும்” என்று எழுதியிருந்தேன். படிப்பவர் 50 டிகிரி என்பதை நீராவியின் வெப்பநிலையாக எடுத்துக்கொண்டால்? நீராவி எந்தக் காலத்தில் 50 டிகிரியாக இருந்தது, எப்போதோ தாண்டிவிட்டதே என்று மூடிவிடுவார். ஒரு ‘வரை’, அவ்வளவுதான்!

சரி, மிகை வெப்பத்துக்கு மீவெப்பம் என்று போட்டால் தீர்ந்ததா? இல்லை. வித்தியாசத்தில் சொல்லும் வரம்பை வித்தியாசமாகவே மொழிபெயர்த்ததுதான் கோளாறு. கீழே நிற்பவருக்குத் தேவை, இன்றைக்கு இந்தப் பிரஷரில் மீட்டரில் எந்த எண் வரவேண்டும் என்பது. அதிலும் அந்த ப்ரொசீஜரில் ஒன்றல்ல, இரண்டு கீழ்வரம்பு. நீராவி, கொதிநிலையைவிட 50 டிகிரி அதிகமாக இருக்கவேண்டும். ஹெச்.பி. கேசிங் உலோகத்தைவிடவும் 50 டிகிரி அதிகமாக இருக்கவேண்டும். இரண்டில் எது பெரிய எண்ணோ அதுதான் அன்றைய வரம்பு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டர்பைன் பல நாள் நின்று ஆறிவிட்டது, கேசிங் 100 டிகிரி, பிரஷர் 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கொதிநிலை வழியாக வருவது 250 + 50 = 300. உலோகம் வழியாக வருவது 150. ஆகவே வரம்பு 300. இன்னொரு நாள், டர்பைன் ட்ரிப் ஆகி இரண்டு மூன்று மணி நேரத்தில் மறுபடி எழுப்புகிறார்கள். கேசிங் இன்னும் 440 டிகிரி, பிரஷர் 90 கிலோ. கொதிநிலை ஏறக்குறைய 303, அந்த வழியில் 353 போதும். உலோகம் வழியிலோ 490 வேண்டும். வரம்பு 490.

நமக்கெல்லாம் இரண்டாவது நாள்தான் புத்திக்கு ஒத்துவராது. ஏற்கெனவே கொதிக்கிற மெஷினுக்கு 400 டிகிரி நீராவி விட்டால் இதமாக இருக்காதா என்று தோன்றும். அந்த 400 அதற்குப் பச்சைத்தண்ணீர். ரோட்டரின் வெளித்தோல் சட்டென்று குளிர்ந்து சுருங்கப் பார்க்கும், உள்ளே சூடாகவே இருக்கும், தோல் இழுபடும். இதே மாதிரி பலமுறை நடந்தால் விரிசல் அங்கேதான் தொடங்கும். (ஆறின மெஷினில் 500 டிகிரியை விடுவதும் இதே தப்பு, திசைதான் வேறு. அதனால் மேல்வரம்பும் உண்டு.)

இந்த இழுபடுதலுக்கு ஆங்கிலத்தில் ஸ்ட்ரெஸ் என்று பெயர். இங்கேதான் என் அடுத்த அபத்தம். பேச்சுவழக்கில் ஸ்ட்ரெஸ் என்றால் மன அழுத்தம் இல்லையா, அதே ஞாபகத்தில் ‘அழுத்தம்’ என்று போட்டுவிட்டேன். பிரஷருக்கும் அழுத்தம்தான் போட்டிருந்தேன். “அழுத்தம் வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாதே” என்று ஒரு வரி. எந்த அழுத்தம்? பாய்லர் பிரஷரா, ரோட்டர் உலோகத்தின் வலியா? பாடப்புத்தகத்தில் தகைவு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஆனால் அங்கே யாருக்கும் அது தெரியாது. கடைசியில் “ரோட்டர் ஸ்ட்ரெஸ்” என்றே வைத்தேன். பேனலிலும் அதுதான் எழுதியிருக்கிறது.

வேக்குவம் கதை இன்னும் கொடுமை. கண்டென்சர் வேக்குவம் குறைந்தால் டர்பைன் ட்ரிப் ஆகவேண்டும். நான் எழுதியது: “குளிர்விப்பானில் அழுத்தம் குறைந்தால் நிறுத்தவும்.” நேர் எதிர்! வேக்குவம் 700 மில்லிமீட்டர் என்றால், வெளிக்காற்றின் 760-இல் 700 போக உள்ளே மிச்சம் இருக்கும் அழுத்தம் 60. வேக்குவம் 600-க்கு விழுந்தால் உள்ளே அழுத்தம் 160-க்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒன்று குறையும்போது மற்றது கூடும். இலக்கணம் தெரிந்த எந்த எடிட்டர் படித்தாலும் என் வாக்கியத்தில் பிழை கண்டிருக்க மாட்டார்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு, “அதான் சொன்னோமே, ஆங்கிலத்திலேயே விட்டுடுங்க” என்பவர்களுக்கு: ஆங்கிலத்தில் விட்டால் அந்த அண்ணனுக்குத் தப்பாகக்கூடப் புரியாது, எதுவுமே புரியாது. தப்பாகப் புரிந்ததால்தான் என் வரி மாட்டிக்கொண்டது. மறுபக்கம், சுழலி, குளிர்விப்பான் என்றுதான் எழுதவேண்டும் என்று வாதாடும் நண்பர்களே, நானும் உங்கள் கட்சியில்தான் இருந்தேன். பொருளின் பெயர் பெயர்ப்பலகையில் எப்படி இருக்கிறதோ அப்படியே தமிழ் எழுத்தில் இருக்கட்டும். தமிழ் வேலை செய்யவேண்டிய இடம் வினைச்சொல்லிலும் நிபந்தனையிலும். திற, மூடாதே, அதுவரை காத்திரு, இரண்டில் பெரியது, குறையவே கூடாது. இவற்றுக்குத் தமிழில் பஞ்சமா என்ன?

அதிலும் ஒரு எச்சரிக்கை. நின்ற டர்பைனின் ரோட்டர் ஒரே பக்கமாக வளைந்துவிடாமல் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்கும் பாரிங் கியரை, நான் பேச்சில் கேட்டபடி ‘பேரிங் கியர்’ என்று எழுதி, அடுத்த வரியிலேயே ‘பேரிங் வெப்பநிலை’ என்றும் எழுதியிருந்தேன். அது எந்த பேரிங் என்று கடவுளுக்கே வெளிச்சம் :-) இப்போது ‘டர்னிங் கியர்’ என்று மாற்றியாகிவிட்டது.

பதினொரு பக்கம் இரண்டு பக்கமானது. அந்த மூன்றாம் பக்க வரி இப்போது இப்படி இருக்கிறது: “ஸ்டீம் டெம்பரேச்சர் பலகையில் எழுதியிருக்கும் எண்ணுக்குக் குறையவே கூடாது. குறைந்தால் ஸ்டீமில் தண்ணீர் வரலாம். உடனே கன்ட்ரோல் ரூமுக்குச் சொல். அவர்கள் மூடச் சொல்லும்வரை ட்ரெயினை மூடாதே.” அந்த எண்ணை ஒவ்வொரு ஸ்டார்ட்டப்புக்கு முன்னும் கன்ட்ரோல் ரூமில் கணக்கிட்டு, கீழே பலகையில் சாக்பீஸால் எழுதிவிடுவது என்று முடிவானது.

அதே அண்ணனிடம் மறுபடி காட்டினோம். இரண்டு முறை படித்தார். “எல்லாம் சரி சார். பலகையில முந்தின தடவை எழுதின நம்பர் அழிக்காம இருந்தா?” என்றார்.

நம்பருக்குப் பக்கத்தில் தேதியும் நேரமும் எழுத ஒரு கட்டம் சேர்த்தோம்.