காப்புறுதிக்குப் பிடிக்கும் காசும் கைக்கு வரும் சம்பளமும்

"வைத்தியக் காப்புறுதி வருகிறது, பாதிக் கட்டணத்தை நிர்வாகம் கட்டும், மீதிப் பாதியை நீங்கள் கட்டுங்கள்" என்று ஒரு தாளைக் கொண்டு வந்து கையெழுத்துக் கேட்டால், நாம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு?" என்பதல்ல. "பேர் குறைந்த மாதத்தில் எவ்வளவு?" என்பதுதான்.

நான் அரசாங்க ஆசிரியர். என் சம்பளத்திலும் அக்ரஹார காப்புறுதிக்கு மாதாமாதம் ஒரே தொகை பிடிக்கிறார்கள். அது எனக்குப் பெரிதாகத் தெரிவதில்லை. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் என் மாதச் சம்பளம் மாறாது. கொழுந்து எடுக்கும் நம் பெண்களின் சம்பளம் அப்படியா? செக்ரோலில் விழும் பேரைப் பொறுத்தே அது கூடும், குறையும். கூடிக் குறையும் சம்பளத்தில் கூடாமல் குறையாமல் ஒரு தொகையைப் பிடித்தால் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை எடுத்துக்கொள்வோம். சம்பளம் கூடினாலும் கணக்குப் போடும் முறை மாறாது. ஒரு குடும்பத்துக்குக் காப்புறுதிக் கட்டணம் மாதம் 1,200 ரூபா என்றும், அதில் தொழிலாளியின் பங்கு 600 ரூபா என்றும் வைப்போம். தீபாவளி முற்பணம், சந்தா, கோயில் பணம் என்று வழக்கமான பிடிப்புகள் 3,000 ரூபா.

நல்ல மாதத்தில் 22 பேர் விழுகிறது. சம்பளம் 29,700. சேமலாப நிதிக்கு நூற்றுக்கு 8 வீதம் 2,376 போகிறது. மற்றப் பிடிப்புகளும் போனால் 24,324 மிஞ்சும். காப்புறுதிக்கு 600 கழித்தால் கைக்கு வருவது 23,724. நூறு ரூபாவில் இரண்டரை ரூபா குறைகிறது. சமாளிக்கலாம்.

அடுத்த மாதம் அதே பெண் காய்ச்சலில் படுத்து, 9 பேர்தான் விழுகிறது. சம்பளம் 12,150. சேமலாப நிதிக்கு 972 மட்டும் போகிறது. சம்பளம் இறங்கியதும் அதுவும் இறங்கிவிட்டது. மற்றப் பிடிப்புகள் போக மிஞ்சுவது 8,178. காப்புறுதிக்கு மட்டும் அதே 600. இப்போது நூறு ரூபாவில் ஏழு ரூபாவுக்கு மேல் போகிறது. நோய்க்கு உதவ வேண்டிய காப்புறுதி, நோய் வந்த மாதத்தில்தான் அதிகமாகக் கடிக்கிறது.

இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. பிடிப்பதற்கே சம்பளம் போதாத மாதத்தில் கட்டணம் போய்ச் சேராவிட்டால் காப்புறுதி விட்டுப்போகலாம். அந்த நேரத்தில் வைத்தியசாலைக்குப் போனால், அதுவரை கட்டிய காசும் உதவாது.

ஆகவே நம் கோரிக்கை இதுவாக இருக்க வேண்டும். தொழிலாளியின் பங்கை மாதத் தொகையாக வைக்காமல், சேமலாப நிதியைப் போல வீதமாக வையுங்கள். நூற்றுக்கு 2 என்று வைத்தால், 22 பேர் விழுந்த மாதத்தில் 594 ரூபா, 9 பேர் விழுந்த மாதத்தில் 243 ரூபா. குறையும் மீதியை நிர்வாகம் கட்டட்டும். இது தர்மம் கேட்பதல்ல. தோட்டத்தில் நோயில் விழும் தொழிலாளியைப் பார்க்கும் பொறுப்பை 1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டமே தோட்டத்தின் மேல் வைத்தது. காப்புறுதி என்ற பெயரில் அந்தப் பொறுப்பின் பாதியை நம் சம்பளச் சிட்டைக்கு மாற்ற விடக்கூடாது.

எதற்குக் காசு தருகிறார்கள் என்பதையும் தாளில் தேடுங்கள். "பில்லைக் கொண்டுவந்தால் காசு" என்று மட்டும் இருந்தால் நமக்குப் பயன் குறைவு. நாம் போவது பெரும்பாலும் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு. அங்கே சிகிச்சை இலவசம், காட்டுவதற்குப் பெரிய பில் இருக்காது. நாம் இழப்பது பேரை. அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் இவ்வளவு என்று கையில் தரும் திட்டமே அந்த இழப்பை ஈடு செய்யும். ஏற்கெனவே உள்ள சீனி வருத்தம், பிரஷர் சேருமா, வயதான தாய் தகப்பன் சேருவார்களா என்பதையும் எழுத்தில் கேளுங்கள்.

சம்பளத்திலிருந்து இப்படிப் பிடிக்க உங்கள் சம்மதம் வேண்டும். தமிழில் எழுதாத, தொகையோ வீதமோ குறிக்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். திட்டம் தொடங்கிய பிறகு சம்பளச் சிட்டையில் இரண்டு வரிகளைப் பாருங்கள். சேமலாப நிதியின் 8 வீதம் முழுச் சம்பளத்துக்கும் கணக்கிடப்பட்டிருக்க வேண்டும். காப்புறுதியைக் கழித்த பிறகு கணக்கிட்டால் உங்கள் சேமலாபப் பணமும், நிர்வாகம் போட வேண்டிய 12 வீதமும் சுருங்கும். காப்புறுதிக்குப் பிடித்த காசு தனி வரியாக இருக்க வேண்டும்; "ஏனையவை" என்பதற்குள் மறைந்திருந்தால் சிட்டையை எடுத்துக்கொண்டு தலைவரிடம் வாருங்கள். பிடித்த காசு காப்புறுதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தோட்டக் கந்தோரில் கேட்க அந்தச் சிட்டைதான் நம் கையில் இருக்கும் சாட்சி.