மணி போட்டீங்க, எடம் எங்கைங்க?

2024 செப்டம்பர்ல என் வாட்ஸ்அப்புக்கு ஒரு அழைப்பு வந்துச்சு. நான் பங்குதாரரா இருக்கற உழவர் உற்பத்தியாளர் கம்பெனியோட வருசாந்திரப் பொதுப்பேரவைக் கூட்டம். கம்பெனி பேரு வேண்டாம், நாளைக்கும் அவங்க மூஞ்சியில நான் முழிக்கணும். லெட்டர்பேடுல டைப் பண்ணி, சீல் வெச்சு, போட்டோ புடிச்சு குரூப்புல போட்டிருந்தாங்க. "21-ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணியளவில் நடைபெறவுள்ளது. அனைத்துப் பங்குதாரர்களும் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்." அவ்வளவுதான். எங்கன்னு இல்ல. ஆன்லைன்லன்னா அதுக்கு லிங்க்கும் இல்ல.

அதுக்குக் கீழ நாப்பது பேரு கட்டை வெரல் தூக்கிக் காமிச்சிருந்தாங்க. அதுல ஒரு வெரல் என்னுது.

எங்க பக்கம் காதுகுத்துப் பத்திரிகை பாத்திருக்கீங்களா? மண்டபத்துப் பேரு, எந்த ரோடு, எந்த பஸ் ஸ்டாப், எந்த பெட்ரோல் பங்குக்கு எதுக்கால, எல்லாம் இருக்கும். கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டம்னா இந்தச் சுத்துவட்டாரத்துல தெரியாத கொழந்தை கெடையாது. அந்த நோட்டீசுலயே பெருமாநல்லூர்னு ஊர்ப் பேரு பெருசாப் போட்டுத்தான் அடிப்பாங்க. விருந்துக்கு இத்தனை கவனமா எடம் சொல்ற நாம, கணக்கு வழக்கு பேசற கூட்டத்துக்கு மட்டும் மணியைச் சொல்லிட்டு வுட்டுடறோம்.

சரி, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். எங்க கம்பெனிக்கு ரெண்டு எடம் இருக்கு. பதிவு ஆபீசுன்னு ஒரு சின்ன ரூமு, அப்புறம் தேங்கா வாங்கிப் போடற குடோன். 2022-ல கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்துல நடந்துச்சு, 2023-ல குடோன்ல. நான் போன வருசத்து மாதிரியேதான்னு நெனச்சு குடோனுக்குப் போனேன். அங்க பூட்டு. எனக்கு முன்னாடியே ஏழெட்டுப் பேரு நின்னுட்டு இருந்தாங்க. குன்னத்தூர்ப் பக்கத்து மாமா ஒருத்தரு, "ஆன்லைன்லதானுங்க மாப்ள, லிங்க் வரும்"னு போனைக் கையில வெச்சுட்டு வேப்ப மரத்தடியில உக்காந்திருந்தாரு. பாவம், ஒரு மணி வரைக்கும் உக்காந்திருந்தாரு. கூட்டம் நடந்தது மண்டபத்துல. நாங்க கண்டுபுடிச்சுப் போறப்ப எலையில சாப்பாடு விழுந்துட்டு இருந்துச்சு.

சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு தீர்மானம் போட்டு முடிச்சிருந்தாங்க. எங்க பக்கத்துல இருந்த தேங்கா கொள்முதல் மையத்தையும் உலர்களத்தையும் 14 கிலோமீட்டர் தள்ளி இன்னொரு ஊருக்கு மாத்தறதுன்னு.

இங்கதான் கோரம்ங்கற சமாச்சாரம் வருது. உற்பத்தியாளர் கம்பெனிகளுக்குக் கம்பெனிச் சட்டத்துல தனி அத்தியாயமே இருக்கு. மொத்த உறுப்பினருல நாலுல ஒரு பங்கு பேரு வந்தாப் போதும், கூட்டம் செல்லும். விதிமுறையில அதிகமாக் கேட்டிருந்தா அது வேற. நாங்க 412 பேரு. 103 பேரு போதும். அன்னைக்கு ரிஜிஸ்டர்ல 106 கையெழுத்து. யாரு அந்த 106 பேரு? பாதிக்கு மேல, மையம் எந்த ஊருக்குப் போச்சோ அந்த ஊர்க்காரங்க. நான் இதைச் சதின்னு சொல்ல வரலைங்க. விசாரிச்சதுல தெரிஞ்சது வேற. அவங்கள்ல ரெண்டு மூணு பேரு ஆபீசுல இருக்கற தம்பிக்குத் தனியாப் போன் போட்டு "எங்கடா தம்பி கூட்டம்?"னு கேட்டிருக்காங்க. அவனும் பதில் சொல்லியிருக்கான். அந்தப் பதில் அவங்க ஊருக்குள்ள பரவுச்சு. எங்க ஊர்ப் பக்கம் ஒருத்தரும் கேக்கல. அதனால எங்களுக்குப் பதிலும் வரல.

ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டுன்னு பெருமையாப் பேசற கம்பெனியில, எடம் தெரிஞ்சவனுக்கு மட்டும்தான் ஓட்டுன்னு ஆகிப்போச்சு.

டவுன்ல இருக்கற நண்பருங்க சில பேரு இதைக் கேட்டுட்டு, "ஒரு சின்ன விசயம், மறந்திருப்பாங்க, போன் பண்ணிக் கேட்டிருக்கலாமே"ங்கறாங்க. சின்ன விசயம் இல்லைங்க. அதே சட்டத்துல 378ZA-ன்னு ஒரு பிரிவு இருக்கு. பொதுக்கூட்டத்துக்கு 14 நாளைக்குக் கொறையாம எழுத்து மூலமா அறிவிப்புக் குடுக்கணும். அதுல தேதி, நேரம், எடம் மூணும் இருக்கணும். அது ஒவ்வொரு உறுப்பினருக்கும் போகணும். இன்னொன்னும் சொல்லுது: வருசாந்திரக் கூட்டத்தைப் பதிவு ஆபீசுல நடத்தலாம், இல்லைன்னா அந்த ஆபீசு இருக்கற அதே ஊருக்குள்ள வேற எடத்துலயும் நடத்தலாம். வேற எடத்துல நடத்தலாம்னு சட்டமே சொன்னதுக்கப்பறம், "வழக்கமான எடம்"னு ஒன்னு எங்கைங்க இருக்கு? உறுப்பினரு யூகிச்சுக்க வழியே இல்ல. அதனாலதான் எடத்தைப் போடுன்னு எழுதி வெச்சிருக்காங்க.

லிங்க்குக்கும் இதே கதைதான். கொரோனா வந்தப்ப, 2020 ஏப்ரல்ல, கம்பெனிகள் வீடியோவுல கூட்டம் நடத்திக்கலாம்னு மத்திய அரசு சுற்றறிக்கை விட்டுச்சு. எப்படி உள்ள வரணும்னு அறிவிப்புலயே தெளிவாச் சொல்லணும், உதவிக்கு ஒரு போன் நம்பர் குடுக்கணும், குறிச்ச நேரத்துக்கு 15 நிமிசம் முன்னாடியே தொறந்து வைக்கணும், நேரம் ஆகி 15 நிமிசம் வரைக்கும் மூடக் கூடாதுன்னு அதுல இருந்துச்சு. வாசலைக் காமிக்காம வான்னு கூப்படறது கூப்படறதாகாதுன்னு அதை எழுதினவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு.

எம் பையன் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனியில மெர்ச்சண்டைசரா இருக்கான். அவனுக்கு வெளிநாட்டு பையருங்க அனுப்பற அழைப்புலயும் சில நாள் நேரம் மட்டும் இருக்குமாம். ஏன்டான்னு கேட்டேன். "அப்பா, காலண்டர்ல நேரம் வெக்காம அழைப்பே அனுப்ப முடியாது. எடத்துக்கான கட்டத்தைக் காலியா வுட்டாலும் போயிரும்"னான். அனுப்பறவனுக்கு எடம் மனசுல இருக்கு, அதனால கட்டம் காலியா இருக்கறது அவன் கண்ணுக்குப் படறதில்ல. வாங்கறவன் கேட்டாத்தான் உண்டு.

அதனால எங்காளுங்களையும் நான் வுடறதா இல்ல. கேக்கறதுக்கு என்ன வெக்கம்? "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், நமக்கு மட்டும்தான் தெரியல"ன்னு நாப்பது பேரும் நெனச்சிருக்கோம். கேட்ட ஒன்னு ரெண்டு பேரும் உருப்படியாக் கேக்கல. குரூப்புல அன்னைக்கு ஒருத்தர் "எங்க சார்?"னு போட்டிருக்காரு. நான் அப்புறமாத்தான் பாத்தேன். அதுக்கு மேலயும் கீழயும் மழை வீடியோ, உர வெலை, பொறந்தநாள் வாழ்த்து. எதை எங்கன்னு கேக்கறாருன்னு யாருக்குத் தெரியும்? ஒருத்தர் "ஆபீஸ்ல"ன்னு பதில் போட்டிருக்காரு. எங்காளுங்க பாதிப் பேரு குடோனைத்தான் ஆபீசும்பாங்க.

2025-ல 27-ஆம் தேதி சனிக்கிழமைன்னு மறுபடியும் அதே மாதிரி அறிவிப்பு வந்துச்சு. லெட்டர்பேடு, சீல், மணி 11, எடம் இல்ல. இந்தத் தடவை அந்த அறிவிப்பையே புடிச்சு, அதுக்கு ரிப்ளையா, குரூப்புல எல்லாரு முன்னாடியும் இப்படிப் போட்டேன்:

"வணக்கமுங்க. 27-ஆம் தேதி சனிக்கிழமை காலை 11 மணி பொதுப்பேரவைக் கூட்டத்துக்கு அறிவிப்புல எடம் போடலைங்க. நேர்லயா, ஆன்லைன்லயா? நேர்லன்னா எந்த ஊரு, எந்தக் கட்டடம்? ஆன்லைன்னா லிங்க்கும் பாஸ்வேர்டும் இங்கயே எழுத்தாப் போடுங்க, போட்டோவா வேண்டாம், போட்டோவுல இருக்கற லிங்க்கை அமுக்க முடியாது. வெளியூர்க்காரங்க பஸ் பாத்துக் கெளம்பணும், புதன்கிழமைக்குள்ள சொல்லுங்க."

சாயங்காலம் பதில் வந்துச்சு. "வழக்கமான இடம் சார்." எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. அடக்கிட்டு இன்னொரு தடவை போட்டேன். "2022-ல மண்டபம், 2023-ல குடோன், 2024-ல மறுபடி மண்டபம். இதுல எது வழக்கம்னு சொன்னீங்கன்னாச் சௌரியமுங்க." ரெண்டு நாளு சத்தமே இல்ல. நடுவுல ஆபீசுத் தம்பி எனக்குத் தனியாப் போன் போட்டு, "அண்ணா, மண்டபத்துலதானுங்கண்ணா, நீங்க வந்துருங்க"ன்னான். நல்ல பையன், மரியாதையானவன். "எனக்குச் சொன்னதுக்குச் சந்தோசம் கண்ணு. அதையே குரூப்புல போடு, நான் ஒருத்தன் வந்து என்ன பண்ணப் போறேன்?"னேன். இதுலதான் நம்மாளுங்க ஏமாந்து போறது. நமக்குப் பதில் கெடச்சதும் கேள்வி முடிஞ்சு போச்சுன்னு நெனச்சுக்கறோம்.

அவன் அப்புறம் "இடம்: மண்டபம்"னு மட்டும் போட்டான். அதுவும் பத்தாது. பழைய அறிவிப்பு ஏற்கனவே பத்து குரூப்புக்குப் பார்வர்டு ஆயிருக்கும், இந்த ஒத்தை வரி அது பின்னாடியே ஓடாது. வாட்ஸ்அப்புல போட்ட மெசேஜை 15 நிமிசத்துக்கு மேல திருத்தவும் முடியாது. தேதி, மணி, எடம் மூணையும் சேத்துப் புதுசா ஒரு அறிவிப்பு எழுதி, அதைக் குரூப்புக்கு மேல பின் பண்ணி வெக்கச் சொன்னேன். வெச்சான்.

ஒரு கூத்து என்னன்னா, நடுவுல தெரியாத நம்பர்ல இருந்து நாலஞ்சு பேருக்கு "மீட்டிங் ஆப்"னு ஒரு ஏபிகே பைல் வந்திருக்கு. நல்லவேளை, யாரும் தொறக்கல. கூட்டத்துக்கு லிங்க்னா அது அமுக்குனா தொறக்கற ஒரு வரிதான். ஏதோ ஒரு நம்பர்ல இருந்து பைலை எறக்கச் சொன்னா அது கூட்டம் இல்ல, பேங்குல இருக்கறதைத் தொடைக்கற வேலை. எடம் எங்க, லிங்க் எங்கன்னு ஆளாளுக்குத் தவிக்கற குரூப்புலதான் இந்தத் திருட்டுப் பசங்களுக்கும் சுலபமா வேலையாகுது.

அன்னைக்கு 230 பேருக்கு மேல வந்தாங்க. போன வருசம் வேப்ப மரத்தடியில உக்காந்த மாமா மொத வரிசையில உக்காந்துட்டாரு. கொள்முதல் மையத்தை எங்க பக்கமே திருப்பிக் கொண்டாரணும்னு நான் எந்திரிச்சுக் கேட்டேன். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டாந்து படிச்சுக் காமிச்சாங்க. மூணு வருசத்துக்குப் போட்டிருக்கு. நடுவுல காலி பண்ணுனா முன்பணம் திரும்ப வராது. அதுக்கு நானும் ஒன்னும் சொல்ல முடியல. 2027 வரைக்கும் மையம் அங்கயேதான் இருக்கும். தேங்கா ஏத்திட்டுப் போக மினி ஆட்டோவுக்கு ஒரு நடைக்கு 700 ரூவா.